தயிர் வினாவில் நான் விட்ட பிழை

கேள்வி: உணவு விஞ்ஞானத்தில் கூற்று–காரண வினாக்கள் வந்தால் இரண்டு வசனமும் சரியாகத்தான் படுகுது, ஆனால் விடை பிழைக்குது. எப்படிச் செய்யிறது?

கிண்ணியாத் தயிர் சாப்பிட்டு வளர்ந்த எனக்கே தயிர் வினாதான் பிழைத்தது. திருகோணமலையில் ரியூஷன் வகுப்பில் வைத்த மாதிரிப் பரீட்சை அது.

முதலாம் கூற்று: எருமைப்பால் தயிர் பசுப்பால் தயிரை விட இறுக்கமாக இருக்கும். இரண்டாம் கூற்று: உறைமோரிலுள்ள பற்றீரியாக்கள் இலற்றோசை இலற்றிக்கமிலமாக மாற்றும். இரண்டும் சரி, இரண்டும் தயிரைப் பற்றியது. யோசிக்காமல், இரண்டும் சரி, இரண்டாவது முதலாவதை விளக்குகிறது என்ற முதல் தெரிவைப் போட்டுவிட்டேன்.

இப்போது நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். இரண்டாம் கூற்றை அடிமட்டத்தால் மூடிவிட்டு முதலாவதை மட்டும் வாசியுங்கள். சரியா பிழையா என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு முதலாவதை மூடிவிட்டு இரண்டாவதை, அது தனி வினா என்று நினைத்து வாசியுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று பிழை என்றால் விளக்கம் பொருந்துதா என்று பார்க்கிற வேலையே இல்லை. இரண்டும் சரியாக வந்தால் மட்டும் தொடர்பைத் தேடுங்கள்.

தயிரில் அந்தத் தொடர்பு எங்கே அறுகிறது? இலற்றிக்கமிலம் பசுப்பாலிலும்தான் உண்டாகிறது. அமிலம் கூடி pH 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசீன் திரள்வதும் இரண்டு பாலிலும் ஒன்றுதான். இரண்டுக்கும் பொதுவான ஒன்று, ஒன்று மட்டும் ஏன் இறுக்கம் என்பதைச் சொல்லாது. எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம், பசுப்பாலில் 4 வீதமளவு. கேசீனும் எருமைப்பாலில்தான் கூட. இறுக்கத்துக்குக் காரணம் அதுதான். (மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் இறுக்கம் என்று அம்மா சொல்லுவா. அதிலும் உண்மை இருக்கு. ஆனால் அதே சட்டியில் பசுப்பாலை உறைய வைத்தாலும் எருமைத் தயிர் மாதிரி வராது.) ஆகவே விடை இரண்டாவது தெரிவு: இரண்டும் சரி, விளக்கம் பொருந்தாது.

இப்போது முதலாம் கூற்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: "உறைமோர் விட்ட பால் தயிராக உறையும்." இரண்டாம் கூற்றில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் விடை முதலாவது தெரிவாகிவிடும்.

மற்ற இடறல் ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும். "உப்பிட்ட கருவாடு நீண்டநாள் பழுதாகாது", "உப்பு மீனிலுள்ள எல்லா நுண்ணங்கிகளையும் கொல்லும்". சேர்த்து வாசித்தால் பொருந்துகிற மாதிரித்தான் தெரியும். தனியே வாசித்தால் "எல்லா" கண்ணில் குத்தும். நுண்ணங்கிகள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நீரை உப்புக் குறைக்கிறது, அதனால் பெரும்பாலானவை பெருக முடியாமல் நிற்கின்றன. உப்பை விரும்பி வளர்பவையும் இருக்கின்றன. ஈரம் ஏறிய கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படர்ந்திருப்பது அவைதான். முதலாவது சரி, இரண்டாவது பிழை, மூன்றாவது தெரிவு.