வாய்க்காலில் விநாடிக்கு எத்தனை லிட்டர்? மிதவையும் வி-நாட்ச் தகடும்: கேள்வி பதில்

மிதவை விட்டுப் பார்த்தால் விநாடிக்கு 10 லிட்டர் வருகிறது. வாய்க்காலுக்குக் குறுக்கே நிறுத்திய, V வடிவ வெட்டுள்ள வி-நாட்ச் தகடு 7 லிட்டர்தான் காட்டுகிறது. எதை நம்புவது?

தகட்டைத்தான், அதைச் சரியாகப் பொருத்தியிருந்தால். மிதவை சொல்வது மேல்பரப்பின் வேகத்தை மட்டும். அடியிலும் கரையோரத்திலும் மண்ணும் புல்லும் பிடித்து இழுப்பதால் அங்கே தண்ணீர் மெதுவாக ஓடும். வாய்க்கால் ஆழம் குறையக் குறைய இந்த வித்தியாசம் கூடும். பலரும் 0.85-ஆல் பெருக்குகிறார்கள். அது ஆழமான ஓட்டத்துக்குப் பொருந்தும். முழங்காலுக்கும் கீழே ஓடும் வாய்க்காலுக்கு 0.66 தான் நெருக்கமாக வரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தில் மிதவை எடுத்த நேரம் 38, 41, 39, 40, 57 விநாடி. 57 விநாடி கரையில் உரசி வந்த ஓட்டம், அதைத் தள்ளிவிடலாம். மற்றவற்றின் சராசரி 39.5 விநாடி. ஆக மேல்பரப்பு வேகம் விநாடிக்கு 0.253 மீட்டர்.

நீரின் அகலம் 50 செ.மீ. அதை 10 செ.மீ. பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்த ஆழம் 5, 9, 11, 10, 5 செ.மீ. கூட்டினால் 40, அகலம் 10-ஆல் பெருக்கினால் 400 சதுர செ.மீ., அதாவது 0.04 சதுர மீட்டர். வேகத்தையும் பரப்பையும் பெருக்கினால் விநாடிக்கு 10.1 லிட்டர். இதை 0.66-ஆல் பெருக்க, 6.7 லிட்டர். உங்கள் தகடு சொன்னதும் ஏறத்தாழ அதுதான்.

எதை மிதக்க விடுவது?

காற்றில் தள்ளப்படாதது எதுவும் சரி. பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டில் நல்லது. தெர்மாகோல் வேண்டாம்; அது காற்றின் வேகத்தையும் சேர்த்துக் காட்டும். தொடக்கக் கோட்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் முன்பே நடு ஓட்டத்தில் விடுங்கள். கோட்டுக்கு வரும்போது அது தண்ணீரின் வேகத்தைப் பிடித்திருக்க வேண்டும். கடக்கும் நேரம் 20 விநாடிக்குக் குறைந்தால் நீளத்தைக் கூட்டுங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் வரும் அரை விநாடிப் பிழை அப்போது பெரிதாகாது.

வி-நாட்ச் தகட்டில் நீர் உயரத்தை எங்கே அளப்பது?

பெரும்பாலான பிழை இங்கேதான் நடக்கிறது. வெட்டை நெருங்கும்போதே நீர்மட்டம் வளைந்து தாழ்கிறது. அதனால் வெட்டிலேயே ஸ்கேல் வைக்கக் கூடாது. நீர் உயரத்தைப் போல நான்கு மடங்காவது, தண்ணீர் வரும் பக்கமாகத் தள்ளி ஒரு குச்சி நட்டு, அங்கே அளக்க வேண்டும். குச்சியின் பூஜ்யம் வெட்டின் அடிமுனை மட்டத்தில் இருக்க வேண்டும். மட்டக்குழாய் வைத்து அதைக் குறியுங்கள்.

90 பாகை வெட்டுக்கான சூத்திரம்:

```
Q = 0.0138 × H × H × √H
```

H செ.மீ.; Q விநாடிக்கு லிட்டர். H 12 என்றால் 6.9 லிட்டர். இதையே வெட்டருகில் அளந்து 10.5 என்று எடுத்தால் 4.9 லிட்டர்தான் வரும். கால்பங்குக்கு மேல் காணாமல் போகிறது. உயரத்தில் 1 சதவீதம் தவறினால் அளவில் 2.5 சதவீதம் தவறும். ஆகவே மில்லிமீட்டர் வரை பாருங்கள்.

தகடு பொருத்தும்போது எதில் கவனம் வேண்டும்?

தகடு செங்குத்தாகவும் ஓட்டத்துக்குக் குறுக்காகவும் நிற்க வேண்டும். வெட்டின் விளிம்பு 1 முதல் 2 மி.மீ. கனம்தான் இருக்கலாம்; பலகையில் வெட்டினால் விளிம்பில் தகரம் அடியுங்கள். 20 செ.மீ. ஆழத்துக்கு வாய் 40 செ.மீ. அகலம் இருந்தால் கோணம் சரி.

தகட்டுக்கு மேற்பக்கம் வாய்க்காலை அகலப்படுத்தி ஆழப்படுத்துவது அவசியம். 12 செ.மீ. உயரத்துக்கு, அடிமுனையிலிருந்து தரை 24 செ.மீ. கீழே இருக்க வேண்டும். தேங்கும் நீரின் அகலம் 72 செ.மீ. வேண்டும். அங்கே வண்டல் ஏறினால் தண்ணீர் வேகமாக வந்து மோதும். அப்போது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அளக்கும் முன் அள்ளிவிடுங்கள். பக்கங்களைக் களிமண்ணால் அடைத்து, கசிவு நின்றதைப் பாருங்கள். தேக்கம் நிரம்பி, குச்சியில் மட்டம் அசையாமல் நின்ற பிறகே எழுதுங்கள்.

விழும் நீரின் பின்னால் காற்று புக இடம் வேண்டும். கீழ்ப்பக்க நீர்மட்டம் அடிமுனைக்கு 5 செ.மீ.யாவது தாழ்ந்திருக்கட்டும். நீர் தகட்டில் ஒட்டி வழிந்தால் அந்த அளவு செல்லாது. உயரம் 6 செ.மீ.க்குக் கீழே போனாலும் அப்படித்தான்.

தகடு வைத்ததும் கரை மேல் வழிகிறது. என்ன செய்யலாம்?

சரிவு குறைந்த வாய்க்காலில் இது வரும். 25 செ.மீ. அகலச் செவ்வக வெட்டுக்கு மாறுங்கள். அதே 6.9 லிட்டர் 6.3 செ.மீ. உயரத்திலேயே போய்விடும். சூத்திரம்:

```
Q = 0.0184 × (L − 0.2 × H) × H × √H
```

L வெட்டின் அகலம், செ.மீ.யில். அதற்கும் இடமில்லை என்றால் மிதவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் பரப்பை அளந்து சராசரி எடுத்தால் போதும்.

இந்த எண்ணை வைத்து ஒரு ஏக்கருக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது?

விநாடிக்கு 6.9 லிட்டர் என்றால் மணிக்கு சுமார் 25,000 லிட்டர். ஏக்கரில் 5 செ.மீ. நீர் நிற்க சுமார் 2,02,000 லிட்டர் வேண்டும்; 8 மணி நேரம். தகட்டுக்கும் வயலுக்கும் இடையே வாய்க்கால் நீளமாக இருந்தால், வயல் மடையில் ஒருமுறை மிதவை விட்டுப் பார்த்து, வழியில் உறிஞ்சப்படுவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.