சிசிஎன்ஏ தேர்வு: வீடா, சென்டரா?

கேள்வி: சிசிஎன்ஏ எழுதப் போறேன். பக்கத்து ஊர்ல சென்டர் இருக்கு, போக ரெண்டு மணி நேரம் ஆகும். வீட்லயே ஆன்லைன்ல எழுதினா ஏதாவது சிக்கல் வருமா? ஐடி, ரூம் ரூல்ஸ், நடுவுல நெட் போனா என்ன ஆகும்?

ரெண்டு மணி நேரம்தான் என்றால் சென்டருக்கே போங்கள். வினாத்தாள் ஒன்றுதான், கட்டணத்திலும் வித்தியாசம் இல்லை. கோளாறு வந்தால் அது யார் தலையில் விடிகிறது என்பதில்தான் வித்தியாசம். சென்டரில் கணினி நின்றால் கையைத் தூக்கினால் போதும். அவர்களே மீண்டும் தொடங்கித் தருவார்கள், முடியாவிட்டால் அவர்களே தேர்வை நடத்தும் பியர்சன் வியூவுக்குப் புகார் பதிவார்கள். வீட்டில் கணினி, இணையம், மின்சாரம், அறை எல்லாமே உங்கள் பொறுப்பு.

முதலில் பெயரைப் பாருங்கள், ஏனென்றால் இது இரண்டு இடத்திலும் ஆளைத் திருப்பி அனுப்பும். நம் ஊரில் இனிஷியல் வழக்கம் இருப்பதால் சிக்கல் அதிகம். பதிவில் முதல் பெயர் Karthikeyan, கடைசிப் பெயர் M என்று கொடுத்திருப்பீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக Murugesan என்று இருக்கும். பார்ப்பவருக்கு இது ஒரே ஆள் என்று தெரிந்தாலும், எழுத்துப்படி பொருந்தவில்லை என்று மறுக்க அவருக்கு உரிமை உண்டு. மறுத்தால் கட்டணமும் போய்விடும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் ஆங்கிலத்தில் உள்ளபடியே பதிவும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஸ்லாட் போடுவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதித் திருத்திவிடுங்கள். தேர்வு நாள் காலையில் அது நடக்காது. காலாவதியாகாத அசல் அட்டைதான் செல்லும். ஜெராக்ஸ், போனில் உள்ள படம், டிஜிலாக்கர் எதையும் நம்பிப் போகாதீர்கள். என்னைக் கேட்டால் பாஸ்போர்ட்தான் தலைவலி இல்லாதது.

வீட்டில் எழுதினால் காலை எப்படிப் போகும் என்று பார்ப்போம். 10 மணி ஸ்லாட் என்றால் 9:30க்கு உள்நுழைவு திறக்கும். அப்போதே உட்கார்ந்துவிடுங்கள். OnVUE செயலியை இறக்கித் திறந்ததும் மைக், கேமரா, இணையம் சோதிக்கப்படும். பிறகு போன் வழியாக உங்கள் முகம், அட்டை, அறையின் நான்கு பக்கங்கள் என்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். லேமினேஷன் அட்டையில் டியூப் லைட் வெளிச்சம் பட்டு எழுத்து வெளுத்துவிடும்; ஜன்னல் பக்கம் திரும்பி எடுத்தால் சரியாக வரும். படங்களைப் பார்த்து அனுமதிக்க ஒருவர் வரும் வரை வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். 10:15க்குள் நீங்கள் உள்நுழைவைத் தொடங்கவில்லை என்றால் வராதவர் கணக்கு.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் காலை வாருவது அலுவலக லேப்டாப். விபிஎன் தானாக இணையும், நிறுவனத்தின் ஃபயர்வால் வீடியோவைத் தடுக்கும், பின்னணியில் ரிமோட் சப்போர்ட் மென்பொருள் ஓடும். அதை மூட உங்களுக்கு அட்மின் அனுமதியும் இருக்காது. முந்தைய நாள் சோதனையில் பாஸ் ஆனது என்பது ஒரு உத்தரவாதமே இல்லை, அப்போது விபிஎன் இணையாமல் இருந்திருக்கலாம். சொந்த லேப்டாப், அதே அறை, அதே நேரம், அதே இணைப்பு. அப்படிச் சோதித்தால்தான் சோதனை. விர்ச்சுவல் மெஷினுக்குள் உட்கார்ந்து எழுத முடியாது. இரண்டாவது மானிட்டரை அணைத்தால் போதாது, கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

மேசையில் புத்தகம், தாள், பேனா, கைக்கடிகாரம், ஹெட்போன் எதுவும் கூடாது. படம் அனுப்பியதும் போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், ஆனால் மணி கேட்க வேண்டும். தொடர்பு அறுந்தால் கண்காணிப்பாளர் அழைக்கக்கூடும், அந்த அழைப்புக்கு மட்டும் எழுந்து எடுக்கலாம். யாராவது கதவைத் திறந்து "சாப்பிட வர்றியா?" என்று தலை நீட்டினாலே தேர்வை நிறுத்தலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத வீடு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். கேள்வியை வாய்விட்டுப் படிப்பது, உதட்டை அசைப்பது, வாயைக் கையால் மூடுவது, கேமராவை விட்டு விலகுவது எல்லாம் எச்சரிக்கை வாங்கித் தரும். வாய்க்குள் முணுமுணுத்தே கணக்குப் போடும் பழக்கம் இருந்தால் இரண்டு மணி நேரம் அடக்கி உட்காருவது சிரமம்.

சிசிஎன்ஏவுக்கு மட்டும் இன்னொன்று உண்டு. சப்நெட்டிங் கணக்கு. சென்டரில் அழித்தெழுதும் பலகையும் மார்க்கரும் தருவார்கள். தேர்வு தொடங்கியதும் (அதற்கு முன் எழுதக்கூடாது) பிளாக் அளவுகளை ஒரு ஓரம் எழுதிவிட்டால், /26 என்று கண்ணில் பட்டதும் 64, 128, 192 என்று கை தானாக ஓடும். வீட்டில் தாள் கிடையாது, திரையிலுள்ள ஒயிட்போர்டில் மவுஸால் கிறுக்க வேண்டும். 120 நிமிடத் தேர்வில், விட்ட கேள்விக்குத் திரும்பவும் முடியாத நிலையில், இந்த மந்தம் நன்றாகவே உறைக்கும்.

இனி நெட். சரியாக 10:40க்கு கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் பேட்டரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து எழலாம், அப்படி ஆனால் மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்தால் இது தீரும். ஆனால் உங்கள் இணைப்பு தெருவிலுள்ள கேபிள்காரர் ஸ்விட்ச் வழியாக வந்து, அந்தப் பெட்டிக்கு பேக்கப் இல்லை என்றால், உங்கள் வீட்டில் விளக்கு எரியும், நெட் இருக்காது. கரண்ட் போன ஒரு நாளில் ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான் தொடங்கும். அறிவிப்பில் உங்கள் பகுதி இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள்.

அறுந்தால் பதற வேண்டாம். எழுதிய விடைகள் சேமிக்கப்பட்டிருக்கும். நாற்காலியை விட்டு எழாமல், செயலி தானே இணைகிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நெட் வந்ததும் அதே செயலியைத் திறந்து அணுகல் குறியீட்டைப் போட்டால் பொதுவாக விட்ட இடத்திலிருந்தே தொடரும். எக்காரணம் கொண்டும் "எண்ட் எக்ஸாம்" பட்டனை அழுத்தாதீர்கள். அழுத்தினால் அது கோளாறு இல்லை, நீங்களே முடித்ததாகிவிடும். தொடரவே முடியவில்லை என்றால் அன்றே பியர்சன் வியூவின் சாட்டில் புகார் பதிந்து, கேஸ் எண்ணை வாங்கி, அறுந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். விசாரித்து முடிவு சொல்லச் சில வேலை நாட்கள் ஆகும். கோளாறு உங்கள் பக்கம்தான் என்று அவர்கள் முடிவு செய்தால் மறுதேர்வு இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

தாழ்ப்பாள் போட்ட தனி அறை, சொந்த லேப்டாப், மினி யூபிஎஸ், கரண்ட் போனாலும் உயிரோடிருக்கும் ஃபைபர் இணைப்பு, இந்த நான்கும் இருந்தால் வீட்டில் எழுதலாம். ஒன்று குறைந்தாலும் பஸ் ஏறுங்கள். சென்டரில் அரை மணி முன்னதாக இருப்பது நல்லது, பை, போன், வாட்ச் எல்லாம் லாக்கரில் போய்விடும்.