மேல்மாடியிலிருந்து விழும் சிகரெட் துண்டு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் புளோக்கில் மேலிருந்து சிகரெட் துண்டு விழுந்துகொண்டே இருக்கிறது. கம்பில் காயப்போட்ட பள்ளிச் சட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது. அபராதத்தை இரட்டிப்பாக்கினால்தானே அடங்குவார்கள்? (ஈசூன் வாசகி)

மாதம் தவறாமல் எனக்கு வரும் கேள்வி இது. சிங்கப்பூரில் 2014இலேயே இரட்டிப்பாக்கிவிட்டார்கள் அம்மா. நீதிமன்றத்துக்குப் போனால் இப்போது முதல் முறைக்கு 2,000 வெள்ளி வரை, இரண்டாம் முறைக்கு 4,000, அதற்கு மேல் 10,000 வரை விதிக்கலாம். 2015இல் ஒருவர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து 34 துண்டுகளை வீசிப் பிடிபட்டார். 33 குற்றச்சாட்டுகளுக்குத் தலா 600 வெள்ளி வீதம் 19,800 வெள்ளி கட்டினார். மிச்சம் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் பொது இடத்தைச் சுத்தம் செய்தார். தொகை போதாது என்று இனியும் சொல்ல முடியுமா?

ஆளை நிரூபிப்பதுதான் கஷ்டம். எதிர் புளோக்கில் கேமரா வைத்துச் சில நாள் பதிவு செய்வார்கள். அந்தப் படத்தில் பெரும்பாலும் ஒரு ஜன்னலும் முழங்கை வரை ஒரு கையும்தான் இருக்கும். எந்த வீடு என்று தெரிந்துவிடும், எவர் கை என்று தெரியாது. வீட்டில் நாலு பேர் இருந்து நாலு பேரும் வாய் திறக்காவிட்டால் முன்பெல்லாம் வழக்கு அதோடு நின்றுவிடும்.

2023 ஜூலை 1 முதல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். குப்பை இந்த வீட்டிலிருந்துதான் விழுந்தது என்று நிரூபணமானால், வீட்டு உரிமையாளரே வீசியதாகச் சட்டம் அனுமானிக்கும். அந்த நேரத்தில் தாம் வீட்டில் இல்லை என்று அவர் காட்டலாம், அல்லது வீசியவர் யார் என்று சொல்லலாம். அதற்கு 14 நாள் அவகாசம். வாடகைக்கு விட்டவர் குடியிருப்பவரின் விவரத்தைத் தரலாம். தப்பு செய்யாதவர் வெளியே வர வழி வைத்திருப்பதால் இதை நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஒப்பந்தத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

ஆனால் கேமராவை எங்கே திருப்புவது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். “எப்போதும் விழுகிறது” என்று எழுதினால் அதிகாரி என்ன செய்வார்? சமையலறைப் பக்கமா, கூடத்துப் பக்கமா, எந்த வரிசை வீடுகளுக்குக் கீழே, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் குறித்து அனுப்புங்கள். கதவைத் தட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள். உஷாராகிவிட்டால் கேமரா இருக்கும் நாட்களில் மட்டும் கையை அடக்கிக்கொண்டு, பிறகு மறுபடி தொடங்குவார்.

கேள்வி: டிஷ்யூவைக் கீழே போட்டதற்கு 300 வெள்ளி. என் சம்பளம் 900. முதல் தடவை எச்சரித்து விட்டிருக்கக் கூடாதா? (துவாஸ் வாசகர்)

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஒரே 300 வெள்ளி ஒருவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு, உங்களுக்கு மூன்றில் ஒரு பங்குச் சம்பளம். நீதிமன்றம் தரும் திருத்தப் பணி உத்தரவு எனக்கு இதனால்தான் பிடிக்கும். மூன்று மணி நேரம் பெருக்குவது பணக்காரருக்கும் ஏழைக்கும் அதே மூன்று மணி நேரம். ஆனால் 300 வெள்ளியைக் குறித்த தேதிக்குள் கட்டிவிடுங்கள். கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். விட்டுவிட்டால் நீதிமன்றம் வரை போகும்.

எச்சரிக்கை என்றால் பெயரோடு பதிவாக வேண்டும். உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள் விஷயத்தில் 2021 செப்டம்பரிலிருந்து அப்படித்தான் செய்கிறார்கள். முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, இரண்டாவது தடவை 300 வெள்ளி, அப்புறம் நீதிமன்றம். அதற்கு முன்பே மூன்று மாதம் வெறும் அறிவுரை சொல்லிப் பார்த்தார்கள். பழக்கமே புதிது என்பதால் அங்கே அந்தப் படிகள் தேவைப்பட்டன. வாயால் மட்டும் “இனி செய்யாதீங்க” என்றால் அடுத்த வாரம் வரும் அதிகாரிக்கு இவர் மறுபடி முதல் தடவைக்காரர்தான்.

கேள்வி: குப்பைக் குவியலின் படம் இணைத்துள்ளேன். நடவடிக்கை எடுக்கச் சொல்லவும். (பெயர் இல்லை)

இடம் இல்லை, தேதி இல்லை, போட்டவர் யார் என்பதும் இல்லை. முதலில் இவற்றை எழுதுங்கள்.

கேள்வி: 50 வெள்ளி கொடுத்தால் பழைய அலமாரியையும் உடைத்த ஓடுகளையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஒரு லாரிக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? (செங்காங் வாசகர்)

கழிவு சேகரிக்க உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள். அலமாரியை நகர மன்றத்திடம் சொன்னாலே எடுத்துப் போவார்கள். ஓடுகளை அகற்றுவது உங்கள் புதுப்பிப்புக் குத்தகைக்காரரின் பொறுப்பு.

வாகனத்திலிருந்து கண்ட இடத்தில் கொட்டினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லாரியையும் பறிமுதல் செய்யலாம். அவர்கள் பயப்படுவது அதற்குத்தான். அபராதத்தைத் தொழில் செலவில் சேர்த்துக்கொள்வார்கள், லாரி இல்லாவிட்டால் மறுநாள் வேலையே கிடையாது. கொட்டுவதை நேரில் பார்த்தால் குவியலைப் படம் எடுப்பதற்கு முன்னால் லாரியின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.