கண்ணைக் கூர்மையாக்கும்போது இமைமுடி ஏன் கம்பியாக நிற்கிறது? – கேள்வி பதில்

முகத்தை நெருக்கமாக எடுத்த 24 மெகாபிக்சல் படம். கண்ணில் மட்டும் Unsharp Mask போட்டேன். Amount 200, Radius 3. இமைமுடி எல்லாம் கம்பி மாதிரி நிற்கிறது. எங்கே தப்பு?

100% அளவில் வைத்து முடிகளுக்கு நடுவே பாருங்கள். ஒவ்வொரு முடியை ஒட்டியும் தோலைவிட வெளுப்பாக ஒரு மெல்லிய கோடு ஓடும். இந்த ஃபில்டர் விளிம்பின் கறுத்த பக்கத்தை இன்னும் கறுப்பாக்கும், வெளுத்த பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கும். முடி கறுப்பது நமக்கு வேண்டியதுதான். பக்கத்தில் உள்ள தோல் வெளுப்பதுதான் உறுத்துகிறது. Radius 3 வைத்ததால் அந்தக் கோடு தடித்தும் போயிற்று.

போட்டோஷாப்பில் லேயரை நகலெடுத்து Amount 150, Radius 1, Threshold 3 என்று போட்டுப் பாருங்கள். பிறகு அந்த லேயரின் மோடை Normal-இலிருந்து Darken-க்கு மாற்றுங்கள். கீழே இருப்பதைவிடக் கறுத்த பிக்சல்கள் மட்டுமே இப்போது தெரியும். வெள்ளைக் கோடுகள் அப்படியே மறைந்துவிடும். அப்புறம் கறுப்பு மாஸ்க் போட்டு, சின்ன பிரஷ்ஷால் முடியின் வேரிலிருந்து நுனி நோக்கி வெள்ளை தீட்டுங்கள். நுனிக்கு முன்பே கையை எடுத்துவிடுங்கள். இமைமுடி நுனியில் மெலிந்து மங்குவது இயல்பு. நுனி வரை ஒரே கறுப்பாக இருந்தால் ஒட்டுமுடி போலாகிவிடும்.

கருவிழிக்கு இந்த லேயர் வேண்டாம். அங்கே வெளுத்த இழைகள்தான் அழகு, Darken அவற்றுக்கு எதுவும் செய்யாது.

இவ்வளவு எதற்கு? லேயரை Luminosity-யில் வைத்தால் வெள்ளைக் கோடு வராதே. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி. Luminosity-யில் வைத்தால் விளிம்பில் நிறம் மாறாது. முடியோரம் சிவப்பு, நீலக் கசிவு அதிகமாகாது. ஆனால் வெள்ளைக் கோடு வெளிச்சத்தில் வரும் மாற்றம், Luminosity அதை அப்படியே விட்டுவிடும். உங்கள் படத்தில் தெரியவில்லை என்றால் Radius குறைவாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் படத்தில் இருப்பவருக்கு அடர் பழுப்புக் கண். கருவிழியை வெளிச்சமாக்கினால் சாம்பல் பூத்துவிடுகிறது, பார்வையற்றவர் போல இருக்கிறது.

கருவிழியோடு நடுவில் இருக்கும் பாவையையும் சேர்த்துத் தூக்கியிருப்பீர்கள். பாவை கறுப்பாக இருந்தால்தான் சுற்றியுள்ள நிறம் எடுத்துக்காட்டும்.

Curves லேயர் ஒன்று போடுங்கள். Input 20 இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து Output-ம் 20 ஆகவே விடுங்கள். அடிக் கறுப்பு அசையாது. Input 60 உள்ள இடத்தை 75-க்குத் தூக்குங்கள். அதற்கு மேலே உள்ள வளைவை இன்னொரு புள்ளியால் பழைய கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மாஸ்க்கை எங்கே தீட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து வந்தால் கண்ணில் பளிச்சிடும் கேட்ச்லைட்டும் அங்கேயே விழும். விழியின் முன்பகுதி அந்த ஒளியை உள்ளே திருப்பி எதிர்ப்புறத்தில் போடும். அதனால் இயல்பாகவே ஒளிர்வது கீழே வலப்பக்கம். அந்தப் பிறை வடிவத்தை மட்டும் தீட்டுங்கள். கருவிழியின் வெளிவிளிம்பில் உள்ள கறுத்த வளையத்தைத் தொடாதீர்கள். முழு வட்டத்தையும் ஒரே அளவு தூக்கியிருந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ செயற்கை என்று தோன்றும்.

கண்ணின் வெள்ளைப் பகுதியைக் கூர்மையாக்கவே வேண்டாம். அங்கே மேலே வருவது இரத்த நாளங்கள்தான்.

f/1.4-இல் எடுத்தேன், ஃபோகஸ் புருவத்தில் விழுந்துவிட்டது. இந்த முறையில் கண்ணைக் கொண்டுவரலாமா?

கொண்டுவர முடியாது. விளிம்பு இருந்தால்தான் ஃபில்டர் அதைக் கூட்டும். மங்கலான முடியில் போட்டால் கறுத்த பட்டையும் நாய்ஸும்தான் கூடும். அந்தத் தொடரில் வேறு ஃப்ரேம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படத்தைச் சிறிய அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். சுருக்கும்போது மங்கல் ஓரளவு மறையும்.

கண்ணுக்குக் கீழே கருவளையத்தையும் இதே Curves-இல் தூக்கலாமா?

அது தோல் வேலை, தனி லேயரில் செய்யுங்கள். இங்கே கலக்க வேண்டாம்.

முகம் சற்றுத் திரும்பிய படங்களில் தூரத்துக் கண்ணுக்கும் அதே அளவு கொடுக்கிறேன். இல்லாவிட்டால் ஒரு கண் செத்துப்போன மாதிரி தெரிகிறது. இது தவறா?

நான் தூரத்துக் கண்ணில் இமைமுடி லேயரைத் தொடவே மாட்டேன், பிறை வெளிச்சம் மட்டும் பாதி அளவு கொடுப்பேன். லென்ஸ் மங்கலாக விட்டதை முடி மட்டும் மீறி நின்றால் அதை ஒட்டிய கன்னத்தோடு சேராது. ஆனால் f/8-இல் ஸ்டூடியோ விளக்கில் எடுத்த படம் என்றால் இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட ஒரே கூர்மையில் இருக்கும், உங்கள் வழி அங்கே பொருந்தும்.

f/2.8-தான். எனக்கு இன்னும் அப்படியே பிடித்திருக்கிறது.

சரி, அது உங்கள் ரசனை. ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: வெளியிடப்போகும் அளவுக்குப் படத்தைச் சுருக்கி, எக்ஸ்போர்ட்டில் வரும் ஷார்ப்பனிங்கையும் சேர்த்துப் பிறகு பாருங்கள். முழு அளவில் சரியாக இருக்கும் தூரத்துக் கண் அங்கேதான் பெரும்பாலும் மீறும். மீறினால் லேயரின் ஒபாசிட்டியை 40-க்கு இறக்குங்கள்.