3,770 கோடியும் 37.7 பில்லியனும் ஒன்றா?

“நான் திருவொற்றியூர். வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் மெட்ரோவுக்கு ஒரு பேப்பரில் 3,770 கோடி, ஒரு ஆங்கிலச் செய்தியில் 37.7 பில்லியன் ரூபாய், இன்னொன்றில் 516 மில்லியன் டாலர். எதை நம்புவது?”

மூன்றும் ஒரே தொகைதான் சார். நூறு கோடி ஒரு பில்லியன். அதனால் கோடியை நூறால் வகுத்தால் பில்லியன் வந்துவிடும். முழுசாக எழுதினால் 37,70,00,00,000. ஆங்கிலச் செய்திக்காரர்கள் எழுதினால் 37,700,000,000. இலக்கங்கள் அதேதான், கமா விழும் இடம்தான் வேறு. அதனால் கமாவைப் பார்க்காதீர்கள், பூஜ்யங்களை எண்ணுங்கள்.

டாலருக்கு ஒரு படி கூடுதல். அந்தப் பாதை திறந்த 2021 பிப்ரவரியில் டாலர் ஏறக்குறைய 73 ரூபாய். 3,770 கோடியை 73-ஆல் வகுத்தால் 51.6 கோடி டாலர். ஒரு கோடி என்பது பத்து மில்லியன், ஆக 516 மில்லியன். இன்றைய விலையில் வகுத்தால் குறைவாகத்தான் வரும், அது தப்பில்லை.

இரண்டு செய்திகளுக்குள் நாலைந்து சதவீதம் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் டாலர் விலையோ முழுமையாக்கியதோ காரணம். சரியாகப் பத்து மடங்கு இடித்தால், மொழிபெயர்த்தவர் மில்லியனைக் கோடி என்று போட்டுவிட்டார் என்று சந்தேகப்படுங்கள். அவசரத்தில் அடிக்கடி நடக்கிற கூத்து இது. “516 கோடி டாலர்” என்று வந்தால் அந்தக் கதைதான்.

அப்புறம், பாதையின் நீளம் 9.05 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 417 கோடி. 516 கோடி டாலர் என்றால் அதுவே நாலாயிரம் கோடியைத் தாண்டும்; முழுப் பாதைக்கே அவ்வளவு ஆகவில்லையே!