பட்டிலும் பொடிக்கட்டத்திலும் வானவில் வரி: கேள்வி-பதில்

எம்.சி. ரோட்டில் வாங்கிய பொடிக்கட்டச் சட்டை. இடுப்பு வரை படம் எடுத்தால் நெஞ்சில் பச்சையும் ரோஸுமாக வரி ஓடுகிறது. லென்ஸ் போய்விட்டதா? (வண்ணாரப்பேட்டை)

லென்ஸ் நன்றாக இருக்கிறது. நூலிழையைக்கூடத் தெளிவாகக் கொண்டுசேர்ப்பதால்தான் வரியே வருகிறது. 24 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்திப் பிடித்து 90 செ.மீ. உயரத்தை ஃபிரேமில் அடக்கினால், 6000 பிக்சல் அந்த 90 செ.மீ.க்குப் பங்கு போகும். துணியின் ஒரு மில்லிமீட்டருக்கு 6, 7 பிக்சல். அதே மில்லிமீட்டரில் 4 இழை இருந்தால், இழைக்கு 2 பிக்சல்கூடத் தேறாது. இழையும் இடைவெளியும் தனித்தனியாகப் பதிய 2 பிக்சலாவது வேண்டும். கிடைக்காவிட்டால் துணியில் இல்லாத பெரிய அலை ஒன்று பதிவாகும். இதற்குத்தான் மொய்ரே என்று பெயர். சென்சாரில் சிவப்பும் நீலமும் ஒன்றுவிட்டு ஒரு பிக்சலில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு 4 பிக்சல் தேவை. நிறம் அங்கிருந்துதான் வருகிறது.

முகமும் தோளும் மட்டும், சுமார் 35 செ.மீ. உயரம் வரும்படி கிட்டே போனால் அதே துணி சுத்தமாக விழும். இடுப்பு வரைதான் வேண்டுமென்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

அப்பர்ச்சரை எஃப்/16 வைத்தால் வரி போய்விடும் என்கிறார்களே? (பெரம்பூர்)

போகும். மேலே சொன்ன கணக்கில், ஃபுல் ஃபிரேம் கேமராவில் எஃப்/11 வைத்தால் இழைக்கும் இடைவெளிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் எஃப்/5.6-இல் இருந்ததில் பாதியாகிவிடும்; எஃப்/16-இல் ஏறக்குறைய இருக்காது. கிராப் சென்சாரில் எஃப்/11-லேயே அந்த நிலை வந்துவிடும். ஆனால் இமை முடியும் சேர்ந்து மழுங்கும், எஃப்/5.6-ஐவிட 8 மடங்கு ஒளியும் வேண்டும். ஆள் ஒருவர்தான் என்றால் எஃப்/2.8 வைத்துக் கண்ணில் ஃபோகஸ் பிடியுங்கள். முகத்தைச் சற்று முன்னே கொண்டுவந்து தோளைப் பின்னே தள்ளச் சொல்லுங்கள். ஃபோகஸ் தப்பித் துணி ஒரு இழை அகலத்துக்கு மங்கினாலே போதும்.

கல்யாண ஆல்பத்துக்கு ஜேபெக் மட்டும் எடுத்தோம். மாப்பிள்ளை சட்டை முழுக்க வரி. எடிட்டில் எடுத்துவிடலாமா? (திருவொற்றியூர்)

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. எத்தனை முறை எழுதினாலும் "எடிட்டில் பார்த்துக்கலாம்" என்றே ஷட்டரை அழுத்துகிறீர்கள். எடிட்டில் போவது நிறம் மட்டும்தான். இருட்டும் வெளிச்சமுமான அலை அப்படியே நிற்கும். அந்த இடத்தில் உண்மையான இழை பதிவாகவே இல்லை, அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

இப்போது செய்யக்கூடியது இது. லைட்ரூமில் சட்டைமேல் மட்டும் பிரஷ் ஓட்டி `Moiré` ஸ்லைடரை 30-இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஜேபெக்கிலும் வேலை செய்யும், ரா ஃபைலில்தான் நன்றாகச் செய்யும். பிரஷ் ஓரம் கழுத்திலோ மாலையிலோ ஏறினால் அந்த நிறம் சட்டைக்குள் கசியும். போதாவிட்டால் போட்டோஷாப்பில் லேயரை நகலெடுத்து, வரியின் அகலம் கரையும் வரை `Gaussian Blur` கொடுத்து, பிளெண்டை `Color` ஆக்கி, சட்டைக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். வெளிச்சம் அசலிலிருந்தே வருவதால் மடிப்பு மழுங்காது.

அடுத்த முறை ரா ஃபைலாக எடுங்கள். முதல் படம் எடுத்ததும் சட்டையை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வரி இருந்தால் அரை அடி முன்னே பின்னே நகர்ந்து இன்னும் இரண்டு எடுங்கள். ஒன்றில் வரி மெலிந்திருக்கும். இதற்கு ஆகும் நேரம் பத்து விநாடி.

மயில்கழுத்து நிறப் பட்டில் பச்சையும் நீலமும் மாறிமாறித் தெரிகிறது. எப்படி நீக்குவது? (தண்டையார்பேட்டை)

நீக்காதீர்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த புடவை அது. அந்த மினுமினுப்புக்காகத்தான் வாங்குகிறார்கள். நெசவின் நிறம் மடிப்போடு போகும், அரை அடி நகர்ந்தாலும் மடிப்பை விட்டு விலகாது. மொய்ரே மடிப்பைப் பொருட்படுத்தாமல் வளைந்து ஓடும், கேமரா சற்று நகர்ந்தாலே அதன் அகலமும் திசையும் மாறும். இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். இரண்டும் கலந்திருந்தால் மொய்ரே ஓடும் இடத்தில் மட்டும் பிரஷ் போடுங்கள்.

கம்ப்யூட்டரில் சுத்தமாக இருந்த படம் வாட்ஸ்அப்பில் வரியோடு போகிறது. (ராயபுரம்)

படம் சுருங்கும்போது இழைக்கும் கட்டத்துக்கும் கிடைக்கும் பிக்சல் குறைகிறது. 6000 பிக்சல் 1600 ஆனால், 1 மி.மீ. கட்டத்துக்கு முன்பு இருந்த 6, 7 பிக்சல் 2-க்கும் கீழே போய்விடும். நீங்களே 1600-க்குச் சுருக்குங்கள். சுருக்குமுன் சட்டைக்கு மட்டும் 2 பிக்சல் அளவு மங்கல் கொடுங்கள். திரையில் சிறிதாகக் காட்டும்போது மட்டும் தெரிந்து 100 சதவீதத்தில் காணாமல் போகும் வரி படத்தில் இல்லை, தொடவேண்டாம்.

சட்டை சரியா வரல, என்ன பண்ணலாம்? (வியாசர்பாடி)

என்ன கேமரா, எவ்வளவு தூரம், எந்த அப்பர்ச்சர், ராவா ஜேபெக்கா, எதுவுமே எழுதவில்லை. வரி இருக்கும் இடத்தை 100 சதவீதத்தில் வெட்டி, இந்த நான்கு விவரத்தோடு மறுபடி அனுப்புங்கள்.