ஒரே லாரிச் சோளம், இரண்டு அஃப்லடாக்சின் அளவுகள்: வேறுபாடு எங்கே பிறக்கிறது?

கேள்வி: தீவன ஆலைக்கு வந்த ஒரு லாரி மக்காச்சோளத்தில் பல மூட்டைகளில் குத்தி, 2 கிலோ சாம்பிள் எடுத்து நன்றாகக் கலந்து, ஆளுக்கு 1 கிலோவாக இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றில் அஃப்லடாக்சின் 8 பிபிபி, மற்றொன்றில் 46 பிபிபி. கலந்த சாம்பிள்தானே, எந்த ஆய்வகம் தவறு செய்திருக்கும்?

பதில்:

இரண்டு ஆய்வகங்களுமே சரியாக அளந்திருக்கலாம். உங்கள் இரண்டு பைகளிலும் இருந்த சோளம் உண்மையிலேயே 8 ஆகவும் 46 ஆகவும் இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஈரப்பதத்தையோ புரதத்தையோ இப்படிப் பிரித்து அனுப்பிச் சோதித்தால் இவ்வளவு வேறுபாடு வராது. அவை எல்லா மணிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பவை. பூஞ்சை உண்டாக்கும் நஞ்சான அஃப்லடாக்சின் அப்படி இருப்பதில்லை. பூஞ்சை சில மணிகளை மட்டும் பிடிக்கிறது. பிடித்த மணியில் நஞ்சு மிக அதிகமாகச் சேர்கிறது. ஒரே சோள மணியில் கிலோவுக்கு 4,00,000 மைக்ரோகிராமுக்கு, அதாவது 4,00,000 பிபிபிக்கு, மேற்பட்ட செறிவு அளக்கப்பட்டதுண்டு. அதைச் சூழ்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான மணிகளில் ஒன்றும் இல்லாமலே இருக்கக்கூடும்.

இதை ஓர் எளிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணியின் எடை 0.3 கிராம் என்று கொண்டால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 3,300 மணிகள் இருக்கும். கெட்ட மணி ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோகிராம் நஞ்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன உச்சச் செறிவில் இது ஆறில் ஒரு பங்குதான். லாரி முழுவதன் சராசரி 20 பிபிபி என்றால், சராசரியாகக் கிலோவுக்கு ஒரே ஒரு கெட்ட மணிதான் இருக்கிறது என்று பொருள். அந்த லாரியிலிருந்து ஒரு கிலோ சாம்பிள்கள் நூறு எடுத்தால், அரிதானவை எத்தனை முறை சிக்கும் என்று கணிக்கும் பாய்சான் பரவலின்படி சுமார் 37 சாம்பிள்களில் கெட்ட மணி ஒன்றும் சிக்காது. அவை பூச்சியம் காட்டும். இன்னொரு 37 சாம்பிள்களில் ஒன்று சிக்கி 20 காட்டும். சுமார் 18 சாம்பிள்கள் 40 காட்டும். மீதி 8 சாம்பிள்கள் 60 அல்லது அதற்கு மேல் காட்டும். உண்மையில் கெட்ட மணிகள் எல்லாவற்றிலும் ஒரே அளவு நஞ்சு இருப்பதில்லை என்பதால் விடைகள் இப்படி வட்டமான எண்களாக வராமல் 8, 46 என்று வருகின்றன.

கலக்குதல் இதற்கு மருந்து ஆகாது என்பதுதான் பலருக்கும் ஒப்புக்கொள்ளக் கடினமான செய்தி. முழு மணியாக எவ்வளவு நேரம் கலக்கினாலும், 2 கிலோவில் இருக்கும் இரண்டு மூன்று கெட்ட மணிகள் இரண்டு பைகளுக்கும் சமமாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சமமாகப் பிரிய வேண்டுமானால் முதலில் அந்த 2 கிலோ முழுவதையும் நைசாக அரைத்து, மாவைக் கலந்து, அதன் பிறகுதான் பிரித்திருக்க வேண்டும். அரைக்கும்போது ஒரு கெட்ட மணி பல்லாயிரம் துகள்களாகிறது. அதன் பிறகே கலக்குதலுக்குப் பயன் உண்டு.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. அமெரிக்காவில் சோளத்தை வைத்துச் செய்து 2000இல் வெளியான ஆய்வொன்றில், 20 பிபிபி அளவுள்ள சரக்கிலிருந்து 1.13 கிலோ சாம்பிள் எடுத்து, அரைத்து, அதில் 50 கிராம் மாவை எடுத்துத் திரவ நிறப்பிரிகை முறையில் அளந்தபோது எழும் வேறுபாட்டைப் பகுத்துக் காட்டினார்கள். மொத்த விலக்க வர்க்கச் சராசரியில் 77.8 சதவீதம் சாம்பிள் எடுத்ததிலிருந்தும், 20.5 சதவீதம் அரைத்து மாவில் ஒரு பகுதியைப் பிரித்ததிலிருந்தும், வெறும் 1.7 சதவீதம் ஆய்வகக் கருவி அளவீட்டிலிருந்தும் வந்தது. மொத்தத் திட்ட விலக்கம் சராசரியில் 83 சதவீதம். ஆகவே விலையுயர்ந்த கருவிக்கு மாறுவதால் குறையக்கூடியது அந்த 1.7 சதவீதத்தில் ஒரு பங்கு மட்டுமே. (கொள்முதல் கூட்டங்களில் எப்போதும் கருவியின் விலைதான் பேசப்படும், மூட்டையில் குத்துகிறவருக்கு எத்தனை நிமிடம் தரப்படுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.)

சாம்பிள் எடுப்பதில் வரும் அந்த 77.8 சதவீதத்துக்குள்ளும் இரண்டு தனித்தனிக் காரணங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது மேலே கண்டது: சரக்கு முழுவதும் சீராகக் கலந்திருந்தாலும், மணிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் மட்டுமே எழுவது. இது எத்தனை இடத்தில் குத்தினீர்கள் என்பதைப் பொறுத்ததன்று. மொத்தம் எத்தனை மணிகளை எடுத்தீர்கள், அதாவது எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, லாரிக்குள் இடத்துக்கு இடம் சரக்கு வேறுபடுவதால் எழுவது. தார்ப்பாய் கிழிந்து ஒரு மூலை நனைந்திருக்கும். அல்லது ஒரே லோடில் நான்கு விவசாயிகளின் சோளம் சேர்ந்திருக்கும். இதைக் குறைப்பது குத்துகளின் எண்ணிக்கை. தோராயமாக இப்படி எழுதலாம்:

```
V = A/n + B/M
```

இதில் `V` சாம்பிள் எடுப்பதில் எழும் விலக்க வர்க்கச் சராசரி, `n` குத்துகளின் எண்ணிக்கை, `M` எல்லாக் குத்துகளையும் ஒன்றாகச் சேர்த்த கூட்டு மாதிரியின் மொத்த எடை, `A` மூட்டைக்கு மூட்டை உள்ள வேறுபாடு, `B` மணிக்கு மணி உள்ள வேறுபாடு. பத்துப் பத்துக் கிராமாக இருநூறு இடத்தில் குத்தி 2 கிலோ சேர்த்தால் முதல் உறுப்பு சிறுத்துவிடும். இரண்டாவது அப்படியே நிற்கும். மாறாக, லாரியின் பின்கதவோரம் இருக்கும் ஆறு மூட்டைகளிலிருந்து கிலோ கிலோவாக எடுத்தால் எடை போதும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி, 10 முதல் 20 டன் வரையுள்ள தானியச் சரக்குக்கு 60 குத்துகள், சேர்ந்து 6 கிலோ என்று இரண்டையும் ஒன்றாக நிர்ணயித்தது இதனால்தான்.

60 கிலோ மூட்டைகள் 300 கொண்ட 18 டன் லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூட்டை இறங்க இறங்க ஒவ்வோர் ஐந்தாவது மூட்டையிலும் குத்தி 100 கிராம் எடுக்கவும். முதல் ஐந்தில் எதில் தொடங்குவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யவும். அடுத்தடுத்து இறங்கும் 15 மூட்டைகள் நனைந்தவை என்றால், அவற்றில் சரியாக மூன்றில் குத்து விழும். லாரியில் 5 சதவீதம் நனைந்தது. கூட்டு மாதிரியிலும் 5 சதவீதம் நனைந்தது. ஏற்றிய நிலையில் லாரியின் ஓரங்களில் மட்டும் குத்தினால் இந்த விகிதம் ஒருபோதும் கிடைக்காது.

எண்ணிக்கையாலும் எடையாலும் குறைக்க முடியாத ஒன்றும் உண்டு: ஒருபக்கச் சாய்வு. உடைந்த மணியிலும் தூசியிலும் நஞ்சு பொதுவாக மிகுதி. குத்தூசியின் வாய் குறுகலாக இருந்தால் முழு மணி ஒரு விதமாகவும் நொறுங்கல் வேறு விதமாகவும் உள்ளே வரும். கையால் அள்ளினால் தூசி விரலிடுக்கில் இறங்கிவிடும். மூட்டையின் அடிப்பகுதிக்கு எட்டாத குத்தூசி, அடியில் சேர்ந்த நொறுங்கலைத் தொடுவதே இல்லை. இந்தப் பிழை அறுபது குத்திலும் ஒரே திசையில் நடப்பதால், அறுபதையும் கலந்தாலும் அப்படியே தங்கிவிடும். முடிவுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும், ஆனால் எல்லாமே குறைவாக இருக்கும். திரும்பத் திரும்பச் சோதித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் ஆலையில் வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதை அளந்து பார்க்க வழி உண்டு. மேலே சொன்ன அறுபது குத்துகளில் ஒற்றைப்படைக் குத்துகளை ஒரு வாளியிலும் இரட்டைப்படைக் குத்துகளை இன்னொரு வாளியிலும் போடுங்கள். ஒவ்வொரு வாளியிலும் 3 கிலோ சேரும். ஒவ்வொன்றையும் முழுவதுமாக அரைத்து, ஒவ்வொரு மாவிலிருந்தும் இரண்டு பகுதி எடுத்து அளக்கச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக முதல் வாளியில் 11, 13 என்றும் இரண்டாவதில் 33, 29 என்றும் வருவதாகக் கொள்வோம். இரண்டு அளவுகள் கொண்ட எந்த ஜோடிக்கும் விலக்க வர்க்கச் சராசரி, வித்தியாசத்தின் வர்க்கத்தில் பாதி. வாளிக்குள் அது 2, 8, சராசரி 5. வாளிகளின் சராசரிகள் 12, 31, வித்தியாசம் 19, வர்க்கத்தில் பாதி 180.5. இதில் மாவு பிரித்ததற்கும் அளவீட்டுக்கும் உரிய 2.5ஐ, அதாவது வாளியின் எண் இரண்டு அளவுகளின் சராசரி என்பதால் 5இல் பாதியை, கழித்தால் 178 சாம்பிள் எடுப்பதன் பங்கு. ஒரே லாரியை வைத்து முடிவு கட்டக் கூடாது. பத்துப் பதினைந்து லாரிகளில் செய்து சராசரி காண வேண்டும். நஞ்சின் அளவு கூடும்போது இந்த வேறுபாடும் கூடும் என்பதால், 10 பிபிபி லாரிகளையும் 50 பிபிபி லாரிகளையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது கையில் இருக்கும் சிக்கலுக்கு வருவோம். இரண்டு ஆய்வகங்களிடமும் மீதமுள்ள அரைத்த மாவைக் கேட்டு வாங்கி, ஒருவருடையதை மற்றவருக்கு அனுப்புங்கள். மாவு மாறியதும் எண்ணும் மாறினால், அதாவது 46 காட்டிய மாவு மற்ற ஆய்வகத்திலும் 40க்கு மேல் காட்டினால், ஆய்வகங்கள் மீது குறை இல்லை. முழு மணியாக மீதி இருப்பதை மாற்றி அனுப்புவதில் பயனில்லை. அது மூன்றாவதாக ஒரு சாம்பிள் எடுத்ததற்குச் சமம். மாவு கிடைக்காவிட்டால், இரண்டு பைகளும் சம எடை என்பதால் 27 பிபிபி என்ற சராசரியே அந்த லாரி பற்றி உங்களிடம் உள்ள சிறந்த மதிப்பீடு. ஆனால் 2 கிலோவை நம்பி லோடைத் திருப்பி அனுப்புவதைவிட, இறக்கும்போதே அறுபது குத்து எடுத்து மறுபடி சோதிப்பது மலிவு.

கூட்டு மாதிரி சராசரியைத்தான் சொல்லும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஐம்பத்தொன்பது குத்தில் ஒன்றுமில்லாமல் ஒரு குத்தில் 600 பிபிபி இருந்தால் கூட்டு மாதிரி 10 காட்டும். 20 பிபிபி வரம்பு வைத்திருக்கும் ஆலையில் லாரி தேறிவிடும். சோளம் முழுவதும் ஒரே கிடங்கில் கொட்டிக் கலந்து எடுக்கப்படுமானால் இந்தச் சராசரி பொருத்தமானதே. மூட்டை மூட்டையாக எடுத்து ஒரு டன் கலவை இயந்திரத்தில் போடுவீர்களானால், நனைந்த பதினைந்து மூட்டைகள், அதாவது 900 கிலோ, ஒரே நாளில் ஓரிரு தொகுதித் தீவனத்துக்குள் போய்ச் சேரும். அப்படி இயங்கும் ஆலையில் கறை படிந்த மூட்டைகளை இறக்கும்போதே தனியே அடுக்கி, அவற்றைத் தனிச் சரக்காகக் கருதித் தனிக் கூட்டு மாதிரி எடுக்க வேண்டும்.